காரைக்குடியிலிருந்து மூன்று மாதம் வேலை: மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: சென்னையில் சப்போர்ட் டீமில் இருக்கிறேன். அப்பத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மூன்று மாதம் காரைக்குடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேலாளருக்கு எப்படி எழுதுவது?

பதில்: அப்பத்தா விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடுங்கள். மீதி மடல் டீமுக்கு என்ன லாபம் என்பதைப் பற்றி இருக்கட்டும். ஆபீஸ் போய்வரும் அலைச்சல் இல்லாததால், யாரும் விரும்பாத காலை ஏழு மணி ஷிப்டை நீங்களே கேட்டு வாங்குங்கள். 'வேலை பாதிக்காது' என்ற வெறும் உறுதிமொழியை எந்த மேலாளரும் நம்புவதில்லை.

அப்புறம், மூன்று மாதத்தையும் மொத்தமாகக் கேட்காதீர்கள். முதல் இரண்டு வாரம் சோதனை என்று கேளுங்கள். முதல் பதில் போக ஆகும் நேரம், மறுபடி திறக்கப்படும் டிக்கெட்டுகள், இந்த இரண்டின் போன மாத அளவையும் மடலிலேயே கொடுத்துவிடுங்கள். அதைவிட மோசமானால் அடுத்த திங்களே ஆபீஸ் திரும்புவதாக நீங்களே எழுதினால் அவருக்குத் தயக்கம் குறையும்.

நெட் பற்றிக் கட்டாயம் கேட்பார். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் தடிமனுக்கு, முகப்பில் வைத்த ரவுட்டரின் வைஃபை இரண்டாம் கட்டை எட்டுவது சந்தேகம்தான். உட்காரும் அறை வரை கேபிள் இழுங்கள். மின்வாரியப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் சேருங்கள். மொபைல் டேட்டாவில் ஒரு வீடியோ கால் பேசிப் பார்த்துவிட்டு மடலை அனுப்புங்கள்.