எண் மாறியது, வாக்கியம் மாறவில்லை

*வணக்கம். ஒரு நகரத்துக்கான பத்தாண்டுக் குடிநீர்த் திட்டத்தை ஐந்து பேர் சேர்ந்து எழுதுகிறோம், ஆளுக்கொரு அத்தியாயம். சேர்த்துவைத்துப் படித்தால் ஐந்து பேர் ஒரே அறையில் பேசுவதுபோல் இருக்கிறது. ஒரே குரலாக்க என்ன செய்யலாம்? கடைசியில் ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் திருத்தி எழுதினால் போதுமா? எண்களும் சொற்களும் சில இடங்களில் வேறுபடுகின்றன, அவற்றை முடிவில் சரிபார்த்துக்கொள்ளலாம் என்கிறார் குழுத்தலைவர். இதற்கென்று நல்ல மென்பொருள் ஏதாவது உண்டா?*
*— ச.*

அன்புள்ள ச.,

"எண்களை முடிவில் சரிபார்த்துக்கொள்ளலாம்" என்ற உங்கள் வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கூட்டாக எழுதப்படும் திட்டங்கள் கெடுவது இந்த இடத்தில்தான் என்று சில காலமாகவே எழுத நினைத்திருந்தேன். அக்கறையோடு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் உரிமையோடு சொல்கிறேன்: உங்கள் தலைவர் சொல்வது தவறு. அதை நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அதைவிடத் தவறு.

மென்பொருள் கேள்வியை விட்டுவிடலாம். ஐந்து பேரும் திறக்கக்கூடிய ஒரு விரிதாளும் ஓர் எழுத்துக் கோப்பும் இருந்தால் போதும்.

உங்கள் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எண்களை நான் வைக்கிறேன். இன்றைய மக்கள்தொகை 2,40,000. வளர்ச்சி ஆண்டுக்கு 2 சதவீதம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 120 லிட்டர். குழாய்களில் வீணாவது 20 சதவீதம். பத்து ஆண்டு கழித்து மக்கள்தொகை ஏறக்குறைய 2,92,560 ஆகும். அவர்களுக்குத் தேவையான நீர் நாளொன்றுக்கு 3.51 கோடி லிட்டர். ஐந்து பேருக்கும் இதுவரை ஒரே கணக்குதான்.

இனிமேல்தான் பிரிகிறார்கள். தேவை அத்தியாயத்தை எழுதுபவர் 3.51 கோடியோடு அதன் 20 சதவீதத்தைக் கூட்டி, 4.21 கோடி லிட்டர் வேண்டும் என்கிறார். சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி எழுதுபவர், நிலையத்திலிருந்து புறப்படும் நீரில் 20 சதவீதம் போய்விடும், மீதி 80 சதவீதம்தான் வீடு சேரும் என்று 0.8ஆல் வகுத்து 4.39 கோடி என்கிறார். நிதி அத்தியாயம் எழுதுபவர் மக்கள்தொகையை மூன்று லட்சம் என்று முழுமையாக்கிக்கொண்டு, அதே முறையில் வகுத்து 4.50 கோடி என்கிறார். மூவரும் பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழை செய்யவில்லை. மூவருடைய பக்கத்திலும் "20 சதவீத இழப்பு" என்றுதான் இருக்கும். முடிவில் சரிபார்க்க உட்காருபவர் 20க்கு 20 பொருந்துகிறது என்று டிக் போட்டுவிட்டுப் போவார்.

ஆனால் இழப்பு என்பது புறப்படும் நீரில் கணக்கிடப்படுவது என்றால், 4.21 கோடி அனுப்பினால் வந்து சேர்வது 3.37 கோடிதான். ஏறக்குறைய 14 லட்சம் லிட்டர் குறையும். அது 11,700 பேருடைய ஒரு நாள் நீர். "எதில் 20 சதவீதம்" என்று ஒரே ஒரு கட்டத்தில் எழுதிவைத்திருந்தால் இந்தப் பள்ளம் விழுந்திருக்காது.

ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே ஓர் எண் பதிவேடு வேண்டும். விரிதாளில் ஒரு எண்ணுக்கு ஒரு வரி. அந்த வரியில் எண்ணின் பெயர், முழுமையாக்காத மதிப்பு, அலகு, எந்த ஆண்டுக்கு உரியது, சதவீதம் என்றால் எதில் சதவீதம், எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு, அச்சில் எப்படி வரவேண்டும் என்பவை இருக்கட்டும். அடிப்படை எண்களை மட்டும் கையால் இடுங்கள். மற்றவை அவற்றிலிருந்து வாய்பாட்டால் பிறக்க வேண்டும். கீழே `lpcd` என்பது ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய லிட்டர், `q_cap` என்பது நிலையத்தின் திறன்:

```
pop_10   = pop_0*(1+growth)^10
q_need   = pop_10*lpcd/(1-loss)
ok_plant = q_need<=q_cap
```

பதிவேட்டில் முழுமையாக்காத மதிப்பு இருக்கும். முழுமையாக்குவது அச்சுக்குப் போகும்போது மட்டுமே. முழுமையாக்கிய எண்ணை எடுத்து அடுத்த கணக்கைப் போடக்கூடாது. நிதி ஆசிரியர் 4.50க்குப் போனது அப்படித்தான்.

அத்தியாயங்களில் யாரும் எண்ணைத் தட்டக்கூடாது. `[[q_need]]` என்று பெயரை மட்டும் இடுவார்கள். தொகுப்பவர் கடைசியில் மதிப்பை நிரப்புவார். நிரப்பி முடித்ததும் `[[` என்று தேடினால் ஒன்றும் வரக்கூடாது. அதற்கு முன்பே, எந்த இலக்கத்துக்கும் பொருந்தும் `[0-9]` என்று ஒரு regex தேடல் ஓட்டி, அத்தியாயத்தில் யாராவது நேராகத் தட்டிய இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்க எண்ணும் பிரிவு எண்ணும் `[[pop_10]]` போன்ற பெயர்களில் உள்ள இலக்கமும் தவிர வேறு எது சிக்கினாலும் எழுதியவரைக் கேட்க வேண்டும். இந்தத் தேடலுக்கு அகப்படாதவை இரண்டு உண்டு. ஒன்று, படமாக ஒட்டிய வரைபடங்களும் அட்டவணைகளும். மற்றொன்று எழுத்தில் எழுதிய எண்கள்: ஐந்தில் ஒரு பங்கு, பாதிக்கு மேல், இருமடங்கு, ஏறக்குறைய மூன்று லட்சம். இவற்றைக் கண்ணால் படித்துத்தான் பிடிக்க முடியும்.

இவ்வளவும் செய்யும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களும் விழும் இடம் ஒன்று உண்டு, அதை விரிவாகவே சொல்கிறேன்.

பாதி எழுதியானபின் வளர்ச்சி விகிதம் 2 அல்ல, 2.2 என்று தெரியவருகிறது. பொறுப்பாளர் பதிவேட்டில் ஒரு கட்டத்தை மாற்றுகிறார். மக்கள்தொகை ஏறக்குறைய 2,98,350 ஆகிறது, நீர்த்தேவை 4.39 கோடியிலிருந்து 4.48 கோடியாகிறது. ஐந்து அத்தியாயங்களிலும் எண் தானாக மாறிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. இப்போது இரண்டாம் அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: "தேவை 4.48 கோடி லிட்டர். நிலையத்தின் திறன் 4.40 கோடி லிட்டர். எனவே இப்போதுள்ள நிலையமே போதுமானது." எண் மாறியது, வாக்கியம் மாறவில்லை. 4.39ஐ வைத்து எழுதியபோது அது சரியான வாக்கியம். இப்போது அச்சில் தன்னைத்தானே மறுத்துக்கொண்டு நிற்கிறது. அதுமட்டுமா? "போதுமானது" என்பதை நம்பித்தான் நிதி அத்தியாயத்தில் புதிய நிலையத்துக்குத் தொகை ஒதுக்கவில்லை. கால அட்டவணையில் கட்டுமானம் இல்லை. இடர்ப்பாடுகள் அத்தியாயத்தில் நிலையத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மூன்று இடங்களிலும் 4.39 என்ற எண் கிடையாது, அதனால் எந்தத் தேடலும் அவற்றைக் காட்டாது.

பதிவேட்டில் எண்ணை மட்டும் வைத்தால் போதாது, அந்த எண்ணை நம்பி எடுத்த முடிவையும் வைக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். மேலே `ok_plant` என்று ஒரு வரி கொடுத்தேனே, அது அந்த முடிவுதான். தேவை திறனுக்குள் இருக்கும்வரை அது உண்மை. மீறியதும் பொய்யாகும், அந்தக் கட்டம் சிவப்பாகும்படி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் "இதை நம்பியிருக்கும் இடங்கள்: 2.3, 3.1, 4.2, 5.4" என்று எழுதிவையுங்கள். கட்டம் சிவந்தால் அந்த நான்கு பிரிவுகளின் ஆசிரியர்களையும் அன்றே கூப்பிட வேண்டும். போதும், போதாது, குறைவு, மிகுதி, பெரும்பாலும், முதலிடம், பாதி, மும்மடங்கு, "எனவே" என்ற சொற்களை எழுதும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று, இது எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்று பதிவேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைச் செய்ய எழுதுபவர் ஒருவரால்தான் முடியும். கடைசியில் வரும் திருத்துநருக்கு அந்த "எனவே" எங்கிருந்து வந்தது என்று தெரியவே தெரியாது. "முடிவில் சரிபார்க்கலாம்" என்பது ஏன் நடக்காது என்று இப்போது உங்கள் தலைவருக்குச் சொல்லுங்கள்.

எண்களை ஒரு நாளில் பூட்டிவிடுங்கள். அதன்பின் மாற்றம் வேண்டுமென்றால் பொறுப்பாளர் ஒருவரே மாற்றுவார், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, தேதி, காரணம் என்று ஒரு வரி எழுதுவார். சின்ன மாற்றம்தானே என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

சொற்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருளுக்கு ஒரு சொல். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அழகில்லை என்று கட்டுரையில் கற்றதைத் திட்டத்தில் மறந்துவிடுங்கள். குடும்பம், வீடு, இணைப்பு மூன்றும் வேறு வேறு. ஒரு வீட்டில் மூன்று குடும்பம் ஓர் இணைப்பில் நீர் பிடிக்கலாம். முப்பது, நாற்பது சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குப் பதிலாக எழுதக்கூடாத சொற்களையும் குறித்துவையுங்கள். தேடும்போது "குடும்பம்" என்று தேடினால் "குடும்பத்துக்கு" அகப்படாது. "குடும்ப" என்று தேடுங்கள்.

குரலைப் பற்றி: ஐவரின் நடை கொஞ்சம் வேறுபட்டால் யாருக்கும் சேதமில்லை. சேதம் வினைமுற்றில் இருக்கிறது. ஒருவர் "அமைக்கப்படும்" என்கிறார், ஒருவர் "அமைக்க வேண்டும்" என்கிறார், ஒருவர் "அமைக்கலாம்" என்கிறார். யார் அமைப்பார்கள், கட்டாயமா, விருப்பமா என்று படிப்பவருக்குத் தெரியாது. இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் 1997இல் வெளியான RFC 2119 ஆவணத்தில் இதைத் தீர்த்துக்கொண்டார்கள்: கட்டாயத்துக்கு இன்ன சொற்கள், பரிந்துரைக்கு இன்ன சொற்கள், விருப்பத்துக்கு இன்ன சொற்கள் என்று. நீங்களும் மூன்று முற்றுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் பொருளையும் முதல் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். கடமை சொல்லும் வாக்கியம் ஒவ்வொன்றிலும் எழுவாய் இருக்கட்டும்.

ஐவரும் எழுதத் தொடங்கும் முன் ஒருவர் இரண்டு பக்க மாதிரி எழுதட்டும், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதட்டும். கடைசியில் ஒரே ஒருவர் திருத்தலாம். வாக்கியத்தை உடைக்கவும் சேர்க்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு. எண்ணையும் பட்டியல் சொல்லையும் வினைமுற்றையும் தொட உரிமை இல்லை. அவற்றில் சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேட்க வேண்டும்.

திட்டச் சுருக்கத்தை யாராவது ஏற்கெனவே எழுதி மேலே அனுப்பியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அனுப்பியிருப்பார்கள், அதில் பழைய எண்களும் "போதுமானது" என்ற முடிவும் அப்படியே இருக்கும். அதைத் திரும்பப் பெற்று, பதிவேட்டிலிருந்து பெயர்களை இட்டு, எல்லா அத்தியாயங்களும் முடிந்தபின் திருத்துநரையே எழுதச் சொல்லுங்கள்.