வெள்ளை டைல், கருப்பு டைல், நிற வேறுபாடு: கேள்வி பதில்

பெயிண்ட் ஆலைப் பரிசோதகர்: வெள்ளை டைலில் வைத்தபோது நிறம் அளக்கும் கருவி சரி என்றது. க்ரீம், வெள்ளைத் தொகுதிகள் நன்றாக வருகின்றன. கருநீலம் மட்டும் தரத்திலிருந்து மொத்த நிற வேறுபாடு, அதாவது ΔE, 0.86. சேமித்த தரம்: வெளிர்வைச் சொல்லும் L* 20.0, சிவப்பு-பச்சையைச் சொல்லும் a* 1.2, மஞ்சள்-நீலத்தைச் சொல்லும் b* −9.5; இன்றைய தொகுதி 20.8, 1.1, −9.2. பெயிண்டில் தவறா, கருவியில் தவறா?

எண்களைத் தனித்தனியாகத் தந்தமைக்கு நன்றி. ΔE மட்டும் வந்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. வெளிர் நிறங்கள் ஒழுங்காக வந்து அடர்ந்த நிறம் மட்டும் பிசகும்போது நான் முதலில் சந்தேகப்படுவது பூஜ்ஜியத்தை, அதாவது ஒளியே திரும்பாத நிலை எது என்று கருவிக்குக் காட்டும் கருப்பு அளவீட்டை. அளக்கும் வாயிலிலோ உள்ளே இருக்கும் கண்ணாடியிலோ தூசு படிந்தால், மாதிரி எதுவாயினும் ஒரு சிறு ஒளி கூடுதலாக உணரியை அடைகிறது. அது 0.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீத ஒளியைத் திருப்பும் க்ரீம் நிறத்தில் L* 91.7 என்பது 91.8 ஆகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 3 சதவீதம் மட்டுமே திருப்பும் உங்கள் கருநீலத்தில் 20.0 என்பது 20.8 ஆகிவிடும். கூடுதல் ஒளி நிறமற்றதாக இருப்பதால் நீலமும் சற்று வெளுக்கும், b* −9.5 இலிருந்து −9.2 க்கு நகர்ந்திருப்பது அதற்கும் பொருந்துகிறது.

ஆனால் தொகுதியில் வெள்ளை நிறமி சிறிது கலந்திருந்தாலும் இதே திசையில்தான் எண்கள் நகரும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, சேமித்த எண்ணை விட்டுவிட்டு, தரப் பலகையையே எடுத்து இப்போது, இதே கருவியில் அளப்பதுதான். அதன் பிறகு எழுதுங்கள்.

அதே பரிசோதகர்: தரப் பலகை இப்போது 20.7, 1.1, −9.2 என்று வருகிறது.

அப்படியானால் தொகுதிக்கும் தரத்துக்கும் உண்மையான வேறுபாடு 0.1 மட்டுமே. தொகுதியைத் திருத்த வேண்டாம். வாயிலை ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, கருப்பையும் பிறகு வெள்ளையையும் மீண்டும் வையுங்கள்; பலகை 20.0 க்குத் திரும்பினால் காரணம் தெரிந்துவிட்டது. திரும்பாவிட்டால் பலகையே நிறம் மாறியிருக்கலாம். வெளிச்சத்தில் திறந்து கிடந்த தரப் பலகையை நான் தரமாக ஏற்பதில்லை.

சிவகாசி அச்சகர்: எங்கள் வெள்ளை டைல் பழுத்து மஞ்சளாகிவிட்டது. அதனால்தான் அச்சுத் தாள்கள் நீலமாகக் காட்டுகின்றன என்றார் நண்பர். மஞ்சள் டைல் மஞ்சளாகத்தானே காட்டும்?

நண்பர் சொன்னதே சரி. கருவி டைலின் இன்றைய நிறத்தை அறியாது. டைலுக்கு எழுதப்பட்ட மதிப்பையே உண்மை என்று கொள்கிறது. அழுக்கினால் நீலப் பகுதியில் குறைவாக வந்த ஒளியைக் கருவி தன் குறை என்று எண்ணி உயர்த்திக்கொள்கிறது. பிறகு எதை அளந்தாலும் நீலம் கூடுதலாக வரும். டைல் மொத்தமாக 1 சதவீதம் மங்கியிருந்தால், மேலே சொன்ன க்ரீம் நிறத்தில் L* ஏறக்குறைய 0.36 ஏறும், கருநீலத்தில் 0.12 தான். பூஜ்ஜியப் பிழைக்கு இது நேர் எதிர். எந்தப் பக்கம் பிழை என்பதை நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

டைலைச் சட்டை நுனியாலோ தின்னராலோ துடைக்காதீர்கள். மென்மையான, நூல் உதிராத துணியும், கருவியின் கையேடு அனுமதிக்கும் திரவமும் போதும். பக்கத்துக் கருவியின் டைலைக் கடன் வாங்காதீர்கள்; டைலும் கருவியும் வரிசை எண்ணால் பிணைக்கப்பட்டவை.

பெயர் குறிப்பிடாதவர்: எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை டைல் வைக்க வேண்டும்?

கையேட்டில் உள்ளபடி வையுங்கள். அறை வெப்பநிலை மாறினாலோ, கருவி கீழே விழுந்தாலோ மறுபடியும் வையுங்கள்.

மாணவி: மெல்லிய தாளுக்கு அடியில் கருப்பு டைலை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று படித்தேன். அதுதான் கருப்பு அளவீடா?

இரண்டும் வேறு. நீங்கள் படித்தது பின்புலத்தைப் பற்றியது. தாளின் பின்பக்க அச்சு ஊடுருவித் தெரியாமல் இருக்கக் கருப்புப் பின்புலம் வைப்பார்கள். அச்சு அளவீட்டுக்கான ஐ.எஸ்.ஓ 13655 வெள்ளை, கருப்பு ஆகிய இரு பின்புலங்களையும் விவரிக்கிறது. தரத்தை வெள்ளையின் மேலும் மாதிரியைக் கருப்பின் மேலும் அளந்தால், மையில் எந்த மாற்றமும் இல்லாமலே L* குறையும். அளவீட்டு டைலைத் தாளுக்கடியில் வைத்துக் கீற வேண்டாம். அதற்கெனத் தனி மட்டக் கருப்பு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய உறுப்பினர்: பூஜ்ஜியத்துக்குப் பளபளப்பான கருப்புக் கண்ணாடி டைல் போதும். பன்னிரண்டு ஆண்டுகளாக அதையே வைத்து வருகிறேன். ஒளியை விழுங்கும் குழிப்பெட்டி எல்லாம் விற்பனை உத்தி.

இங்கே எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. கருப்புக் கண்ணாடியின் மேற்பரப்பு, கண்ணாடி என்பதாலேயே, ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்புகிறது. மேற்பளபளப்பையும் சேர்த்து அளக்கும் கோளவகைக் கருவியில் அந்த 4 சதவீதத்தைப் பூஜ்ஜியம் என்று சொன்னால், 4.5 சதவீதம் திருப்பும் ஒரு மங்கலான கருப்பின் L* 25 இலிருந்து 5 வரைக்கும் சரிந்துவிடும்.

அதே உறுப்பினர்: எனக்கு அப்படி ஒருநாளும் சரிந்ததில்லை. என் கருவி 45/0.

அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நானும் கேட்டிருக்க வேண்டும். ஒளி 45 பாகையில் விழுந்து உணரி நேர்மேலே இருக்கும்போது கண்ணாடியின் பளபளப்பு வேறு பக்கம் போய்விடுகிறது. அங்கே உங்கள் டைல் சரிதான். கோளக் கருவிக்கு அதைச் சொல்லித் தராதீர்கள்.

அதே உறுப்பினர்: சில கருவிகள் வெறும் காற்றையே நோக்கிப் பூஜ்ஜியம் எடுக்கின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வாயிலுக்கு எதிரே நெருக்கத்தில் எதுவும் இல்லாவிட்டால் எடுக்கலாம் என்று அவற்றின் கையேடுகள் சொல்கின்றன. சன்னலோரத்தில் நான் எடுக்கமாட்டேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

பவுடர் கோட்டிங் பட்டறைக்காரர்: அடுப்பிலிருந்து எடுத்ததும் ஆரஞ்சுப் பலகை தவறு காட்டியது, மதியம் தானாகச் சரியானது. கருவியை மாற்றவா?

மாற்ற வேண்டாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறமிகள் பல வெப்பத்தில் நிறம் மாறும். ஆரஞ்சுப் பீங்கான் டைல்கூட 10 பாகை ஏற்றத்தில் கவனிக்கத்தக்க அளவு நகரும். தரப் பலகையும் மாதிரியும் அதே அறையில் ஆறிய பிறகு அளவிடுங்கள். டைலையும் அடுப்பருகே வைக்காதீர்கள்.

மற்றொருவர்: டைல் எப்போதெல்லாம் வைக்க வேண்டும்?

மேலே இருக்கிறது.

விற்பனைப் பிரிவினர்: ΔE 0.8 தான், ஆனாலும் வாடிக்கையாளர் சாம்பல் பலகையைத் திருப்பி அனுப்பினார். ஒன்றுக்குக் கீழே என்றால் ஏற்கவேண்டும் அல்லவா?

ஒன்று என்பது யார் எழுதிய விதி என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ΔE கணக்கிடும் 1976 இன் சூத்திரத்தில், செறிந்த மஞ்சளில் கண் பொறுத்துக்கொள்ளும் அளவும், சாம்பலில் பொறுத்துக்கொள்ளும் அளவும் ஒன்றல்ல. இந்தக் குறையைத் திருத்தத்தான் CIEDE2000 என்ற சூத்திரம் வந்தது. உங்கள் 0.8 முழுவதும் L* இல் இருந்தால் அவரிடம் வாதாடலாம். a* இல் இருந்தால், சாம்பல் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாய்ந்திருக்கும், அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. எந்த ஒளியில் பார்த்தார், கருவியில் எந்த ஒளி தேர்ந்திருந்தது, பகலொளியைக் குறிக்கும் D65 ஆ வேறா என்பதையும் கேளுங்கள். ΔL*, Δa*, Δb* மூன்றும் இல்லாமல் நான் மேலே எதுவும் சொல்வதற்கில்லை.

இன்னொருவர்: வெள்ளை டைலைத் தின்னரால் துடைத்துவிட்டேன். என்ன செய்வது?

தரப் பலகைகளில் ஒரு வெளிர் நிறத்தையும் ஓர் அடர்ந்த நிறத்தையும் அளந்து பழைய குறிப்புகளுடன் ஒப்பிடுங்கள். வெளிர் நிறம் மட்டும் ஏறியிருந்தால் டைலை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அது திரும்பும் வரை சேமித்த எண்களை நம்பாமல் பலகையையும் மாதிரியையும் அடுத்தடுத்து அளவிடுங்கள்.