பத்து நிமிடத்தில் பொருளியல்

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன், பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் துறை மாணவர் மன்ற மாலையில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, இந்தப் படிப்பின் முக்கியமான கருத்துகளை நான் பத்து நிமிடம் பேசி அறிமுகப்படுத்த வேண்டும். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, செலவு, ஜிடிபி, பணவீக்கம் என்று குறித்து வைத்திருக்கிறேன். எல்லாம் பாடப்புத்தகம் மாதிரியே வருகிறது. எப்படிப் பேசுவது?

ம.

அன்புள்ள ம.,

ஆறு தலைப்பைப் பத்து நிமிடத்தில் சொன்னால் ஆறுமே காற்றோடு போகும். ஜிடிபியையும் பணவீக்கத்தையும் தூக்கி எறியுங்கள், அவற்றுக்கு ஒரு செமஸ்டர் இருக்கிறது. காசிமேட்டு ஏலத்தில் நின்று தேவையையும் அளிப்பையும் மட்டும் பேசுங்கள், மற்றதில் பாதி தானாக வந்துவிடும்.

ஒரு காலையில் ஐந்து கூடை மீன் வந்திருக்கிறது, வாங்க ஐந்து பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டல்காரர் ஒரு கூடைக்கு 5000 ரூபாய் வரை போவார், மார்க்கெட் கடைக்காரர் 4500, இன்னொரு கடைக்காரர் 4000, தெருவில் கூவி விற்கும் அக்கா 3500, கருவாடு போடுகிறவர் 3000. ஆளுக்கு ஒரு கூடை, எல்லாக் கூடைக்கும் ஒரே விலை. ஐந்தும் விற்க வேண்டுமென்றால் விலை 3000க்கு மேல் போக முடியாது. இந்த ஐந்து எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாகப் போர்டில் எழுதினால் அதுதான் தேவைக்கோடு. வளைகோடு என்று ஆரம்பித்துப் பயமுறுத்த வேண்டாம்.

இப்போது ஏப்ரல் 15. விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, ஃபைபர் படகுகள் மட்டும் போய் மூன்று கூடை கொண்டுவருகின்றன. விலை 3500ஐத் தாண்டும், 4000 வரை போகலாம். கருவாட்டுக்காரரும் அக்காவும் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஐந்து பேரின் மனசும் மாறவில்லை, மீன்தான் குறைந்தது.

அடுத்து புரட்டாசி. தடை இல்லை, ஐந்து கூடையும் வந்துவிட்டது, ஆனால் பாதி ஊர் அசைவத்தைத் தொடாது. அதனால் ஒவ்வொருவரும் 1000 ரூபாய் குறைத்துத்தான் கேட்பார்கள், விலை 2000க்கு இறங்கும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். விலை குறைந்தால் மக்கள் அதிகம் வாங்குவார்கள் என்றுதானே பாடம், புரட்டாசியில் விலையும் குறைவு, வாங்குவதும் குறைவு, அப்படியென்றால் பாடம் பொய்யா? இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். பொய் இல்லை. தடைக்காலத்தில் அதே கோட்டில் நாம் மேலே ஏறினோம், புரட்டாசியில் கோடே கீழே இறங்கிவிட்டது. எது நடந்தது என்று விலையை மட்டும் பார்த்தால் தெரியாது, எவ்வளவு விற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலை ஏறி விற்பனை குறைந்தால் பெரும்பாலும் அளிப்புப் பக்கம் கோளாறு, இரண்டும் ஒரே பக்கம் போனால் தேவைப் பக்கம். நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையை ஆராய்ந்த கேத்ரின் கிராடி, கடலில் புயலடித்த நாட்களைத்தான் இதற்குப் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் புயல் மீன் வரத்தைக் குறைக்கும், ஊர்க்காரர்களின் பசியைக் குறைக்காது.

அப்புறம் டீசல். டீசல் விலை ஏறியதால்தான் மீன் விலை ஏறியது என்று சபையில் ஒருவராவது சொல்வார். அன்று காலை ஏலத்துக்கு அது பொருந்தாது. டீசல் எரிந்து முடிந்துவிட்டது, மீன் ஐஸில் கிடக்கிறது, நாளைக்கு வைத்தால் கெட்டுப்போகும், ஆகவே 2000 வந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். படகுக்காரர் செய்த செலவை ஏலத்துக்கு வந்தவர்கள் யாரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை. ஆனால் 2000 டீசலுக்கே கட்டவில்லையென்றால் அடுத்த வாரம் சில படகுகள் கரையிலேயே நிற்கும், கூடை குறையும், அப்போது விலை ஏறும். செலவு விலையைத் தொடுவது இப்படிச் சுற்றிவந்துதான். புரட்டாசியில் விற்பனை எப்படிக் குறைகிறது என்பதற்கும் இதுதான் பதில்: முதல் நாள் விலை மட்டும் விழும், வரத்து பிறகுதான் குறையும். குறுகிய காலம், நீண்ட காலம் என்று புத்தகத்தில் இருப்பதைப் புரிய வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மறைக்காதீர்கள். தடைக்காலத்தில் வெறுங்கையோடு போன அக்காவுக்கு மீன் வேண்டாம் என்று அர்த்தமில்லை, 3500க்கு மேல் கொடுத்தால் தெருவில் விற்று மீட்க முடியாது, அவ்வளவுதான். கோடு அளப்பது விருப்பத்தை மட்டுமல்ல, கையில் இருக்கும் காசையும்தான்.

உடனே யாராவது எழுந்து, அப்படியானால் அரசாங்கம் 3000 என்று விலை வைத்தால் என்ன என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நண்பர் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். சரி, 3000. இப்போது ஐந்து பேருக்கும் அந்த விலை கட்டும், கூடை மூன்றுதான். அந்த மூன்றையும் யாருக்குக் கொடுப்பது? முதலில் வந்து வரிசையில் நின்றவருக்கா, ஏலம் விடுகிறவருக்குத் தெரிந்தவருக்கா, மறைவாக 800 ரூபாய் கூடக் கொடுப்பவருக்கா? சபையையே கைதூக்கச் சொல்லுங்கள், மீதி நேரத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.