கழுத்துல ட்யூப் போடணும்னா கைவிட்டுட்டாங்கனு அர்த்தமா?

"டாக்டர், அப்பாவுக்கு 63 வயசு. நிமோனியாவுல வென்டிலேட்டர் போட்டு 12 நாள் ஆச்சு. எக்ஸ்ரே நல்லாயிருக்குங்கறாங்க, ஆனா மெஷினை எடுக்க ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணியும் பெயில். கை காலெல்லாம் வீங்கியிருக்கு, மெஷின் சும்மா சும்மா அலாரம் அடிக்குது. இப்ப கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குழாய்ல ட்யூப் வைக்கற ட்ரக்கியாஸ்டமிக்கு கையெழுத்து கேக்குறாங்க. போட்டா வாழ்நாள் முழுக்க எடுக்க முடியாது, பேச்சும் போயிடும்னு இன்டர்நெட்ல இருக்கு. கைவிட்டுட்டாங்களா?"

கைவிடலம்மா. இனி தேறமாட்டார்னு நினைச்சிருந்தா உங்ககிட்ட வேற மாதிரி பேசியிருப்பாங்க. அலாரத்தை விடுங்க, இருமினாலும் திரும்பிப் படுத்தாலும் அது அடிக்கும், நர்ஸ் பாத்துக்குவாங்க.

அந்த டெஸ்ட்ல என்ன நடக்குதுனு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். முதல்ல தூக்க மருந்தை நிறுத்துவாங்க, ஆக்சிஜன் 40, 50 சதவீதத்துக்குள்ள போதுமா, பிபியை ஏத்துற மருந்து பெருசா இல்லாம பிபி நிக்குதா, சளியை இருமித் தள்ளுறாரானு பாப்பாங்க. எல்லாம் சரின்னா மெஷினோட உதவியை பேருக்கு மட்டும் வச்சுட்டு, இல்ல மெஷினைக் கழட்டி ஆக்சிஜன் மட்டும் போற டி-பீஸ் குழாய்ல விட்டு, அரை மணி நேரத்துல இருந்து 2 மணி நேரம் வரை அவரையே மூச்சு விட வைப்பாங்க. ஆரம்பத்துலயே ஒரு கணக்கு உண்டு, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுங்கறதை ஒரு மூச்சுல போற காத்தோட அளவால (லிட்டர்ல) வகுக்கணும். நிமிஷத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொண்ணும் 400 மில்லினா 50, நல்ல நம்பர். 34 மூச்சு, வெறும் 250 மில்லினா 136. 105-ஐ தாண்டினா பெரும்பாலும் தாக்குப் பிடிக்க மாட்டாங்க. நம்பர் நல்லா வந்தும் அரை மணி நேரத்துல வேர்த்துக் கொட்டி, மூச்சு 35-க்கு மேல ஓடி, நெஞ்சு ஏறும்போது வயிறு உள்ள போறவங்களும் இருக்காங்க. அப்ப உடனே மெஷின்ல திரும்பப் போட்டு ஓய்வு கொடுத்துட்டு மறுநாள்தான் அடுத்த முயற்சி. "சாயங்காலம் இன்னொரு தடவை பாருங்க"னு கெஞ்சாதீங்க, களைச்சுப் போன தசையை அன்னைக்கே திரும்ப வேலை வாங்கக் கூடாது.

நுரையீரல் தெளிஞ்சும் ஏன் பெயில்? மெஷின் வேலை செஞ்ச நாளெல்லாம் மூச்சை இழுக்கற முக்கியமான தசையான உதரவிதானம் சும்மா இருந்து மெலிஞ்சு போயிருக்கும், அது ஒண்ணு. இன்னொண்ணு நீங்க போற போக்குல எழுதியிருக்கற வீக்கம். மெஷின் அழுத்தம் குறைஞ்சதும் இதயத்துக்கு திரும்பி வர்ற ரத்தம் கூடும், உடம்புல நீர் தேங்கியிருந்து இதயமும் பலவீனமா இருந்தா நுரையீரல்ல நீர் கோத்துடும். அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி "எக்கோ பாத்தீங்களா, நீரை வெளியேத்தினப்புறம் ஒரு டெஸ்ட் வச்சீங்களா"னு கேளுங்க. அதுலயே தேறி ட்யூப் வெளிய வர்றவங்க உண்டு.

அதுக்கப்புறமும் பெயில்னா ட்ரக்கியாஸ்டமி நியாயமான முடிவுதான். வாய் வழியா போற ட்யூபை தாங்கிக்க தூக்க மருந்து வேணும், தூக்க மருந்து இருந்தா டெஸ்ட் பெயில் ஆகும், இந்த வட்டத்துல இருந்து வெளிய வரத்தான் கழுத்து வழி. மருந்தைக் குறைக்கலாம், உக்கார வச்சு பிசியோ கொடுக்கலாம், பகல்ல ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டுனு மெஷினை எடுத்துட்டு ராத்திரி திரும்ப மாட்டலாம். 12 நாள் தாமதிச்சுட்டாங்களோனும் குழம்ப வேணாம். 2013-ல வெளியான பிரிட்டன் ஆய்வுல முதல் 4 நாளுக்குள்ள போட்டவங்களுக்கும் 10 நாள் பொறுத்துப் பாத்தவங்களுக்கும் இறப்புல வித்தியாசம் வரல.

குரல் போகாது. ட்யூப்ல இருக்கற பலூன் ஊதியிருக்கற வரைக்கும் காத்து குரல்வளைக்கு வராது, அவ்வளவுதான். பலூனை இறக்கி பேசுற வால்வு மாட்டினா பெரும்பாலானவங்களுக்கு பேச்சு வந்துடும். ட்யூபை எடுத்தா ஓட்டை தானா சுருங்கி மூடிக்கும், பலருக்கு ஒண்ணு ரெண்டு வாரம் போதும். நிரந்தரமா வச்சுக்க வேண்டியது நரம்பு, தசை நோய் முத்தினவங்க மாதிரி சிலர்தான். நீங்க படிச்சது அவங்க கதையா இருக்கும், எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுதறதுதான் இன்டர்நெட்டோட வைத்தியம்.

முக்கியமா ஒண்ணுல கவனமா இருங்க. போட்ட முதல் ரெண்டு நாள் ஓட்டையைச் சுத்தி லேசா ரத்தம் கசியலாம். ஆனா மூணு நாளுக்கு அப்புறம், முக்கியமா முதல் மூணு நாலு வாரத்துல, ட்யூப் உள்ளயோ சுத்தியோ புதுசா சிவப்பு ரத்தம் வந்தா, கொஞ்சமா வந்து தானா நின்னுட்டாலும் விடக்கூடாது. மூச்சுக்குழாய்க்கு முன்னாடி ஓடுற பெரிய தமனியை ட்யூப் உரசி அரிச்சிருக்கலாம், இந்த சின்னக் கசிவுக்கப்புறம் சில மணி நேரத்துலயோ சில நாள்லயோ கொட்டுற ரத்தத்தை நிறுத்துறது ரொம்பக் கஷ்டம். இது அபூர்வம்தான், ஆனாலும் பஞ்சால தொடச்சுட்டு ரவுண்ட்ஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க, டூட்டி டாக்டர் அந்த நிமிஷமே வந்து பாக்கணும்னு சண்டை போட்டாவது கூப்பிடுங்க.