14 கருமுட்டை எடுத்து 9 மட்டும் உறைய வைத்தது ஏன்?

“வயது 36. 14 முட்டை எடுத்தார்கள், 9 தான் உறைய வைத்தார்களாம். மீதி எங்கே? பின்னாளில் குழந்தை பெற 9 போதுமா?”

மீதி 5 பெரும்பாலும் முதிராதவையாக இருந்திருக்கும். முதிர்ந்த முட்டையைத்தான் உறைய வைப்பார்கள். பத்துக்கு ஏழெட்டு தேறுவதே வழக்கம், உங்கள் கணக்கு கொஞ்சம்தான் குறைவு.

ஆய்வக அறிக்கையில் முதிர்ந்தவை ‘MII’ என்றிருக்கும், எண்ணிப் பாருங்கள். முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசிக்கும் முட்டை எடுத்ததற்கும் சுமார் 36 மணி நேரம் இருந்ததா என்றும் கேளுங்கள். இடைவெளி குறைந்தால் முதிராதவை கூடும்.

போதுமா என்றால், உறுதி சொல்ல முடியாது. உருக்கும்போது ஒன்றிரண்டு போகும். மிஞ்சியதில் ஐந்து கருவுறலாம், ஐந்தாம் நாள் வரை இரண்டு கரு வளரலாம். இந்த வயதில் அவற்றிலும் குரோமோசோம் கோளாறு வரலாம். இன்னொரு சுற்று பற்றி இப்போதே பேசுங்கள், தள்ளிப்போட்டால் முட்டையின் தரம் குறையும்.

அப்புறம், சேமிப்புக் கட்டணம் வருடா வருடம் தனி. உருக்கிக் கருவாக்கும் செலவும் அதில் சேராது.