"இன்னிக்கு வர முடியாது" மட்டும் போதாது: வேலைக்குப் போக முடியாத நாளில் அனுப்ப மாதிரி மெசேஜ்கள்

"வணக்கம் மேடம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஏழு வருசமா வேலை செய்கிறேன். போன வாரம் திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மா மயங்கி விழுந்துட்டாங்க, ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் வேலைக்குப் போகல. திங்கள் காலையில் சூப்பர்வைசருக்கு 'அண்ணே, இன்னிக்கு வர முடியாது'ன்னு வாட்ஸ்அப் போட்டேன், அவரும் பார்த்துட்டார். அதுக்கப்புறம் எதுவும் போடல. இப்ப காரணம் கேட்டு ஆபீஸ்ல கடிதம் கொடுத்திருக்காங்க. வேலை போயிடுமா? இனிமே இந்த மாதிரி நேரத்துல அனுப்ப ரெடியா நாலு மெசேஜ் எழுதிக் கொடுங்க. அவசரத்துல எனக்கு எழுத வராது."

தம்பி, முதலில் அந்தக் கடிதத்துக்குப் பதில் கொடுங்கள். அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள், எழுத்தில், கையெழுத்திட்டுக் கொடுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் ஆபீஸ் முத்திரையோ கிராணியின் கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் போய்ச் சொல்லிவிட்டு வந்து "சொல்லிட்டேன்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பின்னால் பிரச்சினை பெரிதானால் நீங்கள் சொன்னதற்கு ஒரு சாட்சியும் இருக்காது.

உங்கள் விஷயத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் மெசேஜ் எப்படி எழுத வேண்டும் என்பதும் அதிலிருந்துதான் வருகிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15(2) பிரிவு, முன்னனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராத தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது. உங்களுக்கு மூன்று நாள், அதனால்தான் கடிதம். ஆனால் அதே பிரிவு ஒரு வழியும் விட்டிருக்கிறது. வராததற்கு நியாயமான காரணம் இருந்து, அந்தக் காரணத்தை முன்கூட்டியோ, வராத நாட்களில் முடிந்த முதல் சந்தர்ப்பத்திலோ முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், ஒப்பந்தம் முறிந்ததாக ஆகாது.

கவனியுங்கள், தெரிவிக்க வேண்டியது காரணத்தை. பலரும் சறுக்குவது இங்கேதான். "இன்னிக்கு வர முடியாது" என்ற உங்கள் மெசேஜில் நீங்கள் வரமாட்டீர்கள் என்பது இருக்கிறது, ஏன் என்பது இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பது நியாயமான காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் புதன்கிழமை வரை அது ஆலையில் யாருக்கும் தெரியாது. செவ்வாய், புதனுக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் உங்கள் பதில் கடிதத்தில் அம்மாவைச் சேர்த்த நேரம், ஆஸ்பத்திரி அட்மிஷன் தாளின் நகல், திங்கள் காலை அனுப்பிய மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், அந்த மூன்று நாளில் சூப்பர்வைசருக்கோ ஆபீஸுக்கோ அழைத்திருந்தால் அந்தக் கால் பட்டியல், எல்லாம் வரட்டும். செவ்வாய், புதன் ஏன் மெசேஜ் போடவில்லை என்பதை உள்ளபடி எழுதுங்கள். வார்டில் தனியாக இருந்தீர்கள், போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றால் அதை எழுதுங்கள், நடக்காததை எழுதாதீர்கள். ஏழு வருடத்தில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை என்றால் அதையும் சேருங்கள், அது எடை உள்ள விஷயம்.

இந்தக் கடிதத்தாலேயே வேலை போய்விடாது. ஒழுங்கு நடவடிக்கையில் வேலையை விட்டு நீக்குவதானால் முறையான விசாரணை நடத்திய பிறகுதான் நீக்கலாம் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். பயந்து வீட்டில் இருந்துவிட்டால் நீங்கள் இல்லாமலேயே முடித்துவிடுவார்கள்.

சரி, மெசேஜ்களுக்கு வருவோம். போனில் நோட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ளதை மட்டும் மாற்றினால் போதும். தமிழ் தெரியாத மேனேஜருக்கு அனுப்புவதானால் இதே விவரங்களை மலாயில் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முடியாமல் போனால்:

"(அண்ணே), நான் (பெயர், வேலை எண்). என் (அம்மா) இன்று காலை (3 மணிக்கு) மயங்கி விழுந்து (ஈப்போ ஆஸ்பத்திரி) அவசரப் பிரிவில் இருக்கிறார். கூட இருக்க வேறு ஆள் இல்லை. இன்று (திங்கள், தேதி) ஷிப்டுக்கு வர முடியவில்லை. இன்றைய நாளை ஆண்டு விடுப்பில் எடுக்க அனுமதி கேட்கிறேன். நாளை வர முடியுமா என்பதை இன்று மாலை (6 மணிக்குள்) சொல்கிறேன்."

இதில் கடைசி இரண்டு வரிதான் உயிர். வேலைச் சட்டத்தில் அவசர விடுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது, அதனால் எந்த விடுப்பில் கழிக்கச் சொல்கிறீர்கள் என்பதை நீங்களே குறிப்பிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 16 நாள் ஆண்டு விடுப்பு உண்டு, அது தீர்ந்திருந்தால் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதுங்கள். மாலையில் சொல்கிறேன் என்று எழுதினால் மாலையில் கட்டாயம் சொல்லுங்கள், "அம்மா இன்னும் வார்டில், நாளை செவ்வாயும் வர முடியாது, அதே விடுப்பில் அனுமதி கேட்கிறேன்" என்று ஒரு வரி போதும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மெசேஜ். போன வாரம் இது இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது உங்களுக்கு ரொம்ப சுலபமாக இருந்திருக்கும். அப்புறம், அம்மாவுக்காக நீங்கள் எம்.சி. எடுக்கப் போகாதீர்கள். எம்.சி. உங்கள் உடம்புக்கு மட்டும்தான், இல்லாத நோய்க்கு எடுத்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாக வரும். வார்டில் துணைக்கு இருந்ததற்குக் கடிதம் தர முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

உங்களுக்கே உடம்பு முடியவில்லை என்றால் இரண்டு மெசேஜ் வேண்டும். கிளினிக் போகும் முன்:

"(அண்ணே), நான் (பெயர், வேலை எண்). நேற்று இரவிலிருந்து (காய்ச்சல், வாந்தி). இன்று (தேதி) காலை ஷிப்டுக்கு வர முடியவில்லை. (8 மணிக்கு) கிளினிக் போகிறேன். பார்த்துவிட்டு எம்.சி. படம் அனுப்புகிறேன்."

பார்த்து முடித்ததும்:

"எம்.சி. (தேதி) முதல் (தேதி) வரை, (2) நாள். படம் இணைத்திருக்கிறேன். (தேதி) காலை ஷிப்டுக்கு வருகிறேன். கம்பெனி கிளினிக் (மூடியிருந்ததால்) அரசாங்க கிளினிக்கில் பார்த்தேன்."

எம்.சி. கையில் இருந்தால் போதும், திரும்பிப் போகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்திலும் ஆலையிலும் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது தப்பு, தம்பி. 60எப் பிரிவின்படி நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவில்லை, தெரிவிக்க முயலவும் இல்லை என்றால், எம்.சி. இருந்தாலும் அனுமதியின்றி வராத நாளாகவே அது எடுத்துக்கொள்ளப்படும். கடைசி வரியையும் வெட்டிவிடாதீர்கள். கம்பெனி ஒரு டாக்டரை நியமித்திருந்தால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும், நியாயமான நேரத்திலோ தூரத்திலோ அவர் கிடைக்காவிட்டால்தான் வேறு டாக்டர், அதனால் ஏன் மாறிப் போனீர்கள் என்பது அன்றே பதிவாகட்டும். நாட்டு வைத்தியர் எழுதித் தரும் சீட்டுக்கு இங்கே மதிப்பில்லை, பதிவு பெற்ற டாக்டர்தான் வேண்டும். எம்.சி.யை நீட்டித்தால் நீட்டித்த அன்றே இன்னொரு மெசேஜ்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் வழியில் விழுந்துவிட்டால், பெரும்பாலும் நீங்கள் டைப் செய்யும் நிலையில் இருக்க மாட்டீர்கள், அதனால் இதை வீட்டுக்காரம்மா போனிலும் ஏற்றி வையுங்கள்:

"நான் (பெயர், வேலை எண்) அவர்களின் மனைவி. இன்று (தேதி) காலை (6.20 மணிக்கு) வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் (இடம்) அருகே அவருக்கு மோட்டார் விபத்து. (ஆஸ்பத்திரி)யில் இருக்கிறார். இன்று வேலைக்கு வர முடியாது. பெர்கேசோவுக்கும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விவரம் (நேரத்துக்குள்) சொல்கிறேன்."

வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் நடக்கும் விபத்துக்கும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. நேரம், இடம், வேலைக்கு வரும் வழி ஆகிய மூன்றும் முதல் மெசேஜிலேயே இருந்தால் பின்னால் "எங்கேயோ சுத்தப் போய் விழுந்தார்" என்று யாரும் சொல்ல முடியாது. போலீஸ் ரிப்போர்ட்டும் செய்துவிடுங்கள்.

சாவு வீடு:

"(அண்ணே), என் (அப்பா) இன்று காலை (இடம்)இல் காலமானார். அடக்கம் (தேதி, நேரம்). (தேதி) முதல் (தேதி) வரை விடுப்பு கேட்கிறேன். (16)ஆம் நாள் கருமக்கிரியை (தேதி)யில் வருகிறது, அதற்கும் ஒரு நாள் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்."

துக்க விடுப்பும் வேலைச் சட்டத்தில் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்திலோ சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்திலோ இருக்கலாம், ஆபீஸில் கேட்டுத் தெரிந்து வையுங்கள். இருந்தால் அந்த விடுப்பின் பெயரையே மெசேஜில் போடுங்கள். கருமக்கிரியை முன்கூட்டியே தெரிந்த தேதி, அன்றைக்குக் காலையில் கேட்டால் அவசரம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் சொன்னால் செல்லுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தெரிவிக்கச் சொல்லும் பிரிவு இந்த வழியில்தான் தெரிவிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தவில்லை, ஆனால் கம்பெனி விதியில் போன் செய்ய வேண்டும் என்று இருந்தால் போனும் செய்யுங்கள். க்ரூப்பில் மட்டும் போடாதீர்கள், சூப்பர்வைசருக்குத் தனியாகவும் ஆபீஸுக்கும் அனுப்புங்கள். ஒரு டிக் என்றால் உங்களிடமிருந்து போயிருக்கிறது, அவர் போனுக்குச் சேரவில்லை. அரை மணி நேரமாகியும் ஒரு டிக்கிலேயே நின்றால் அழையுங்கள், எடுக்காவிட்டாலும் அந்தக் கால் உங்கள் போனில் பதிவாகும், முயன்றதற்கு அதுதான் சாட்சி. தானாக அழியும் மெசேஜ் வசதி அந்த உரையாடலில் போடப்பட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஆளுக்கும் அனுப்பி வையுங்கள். உள்ளே எத்தனை உண்மை இருந்தாலும் போனோடு தொலைந்துபோனால் நான் எதை வைத்து வாதாடுவது?

மெசேஜ் அனுப்பியதாலேயே விடுப்பு கிடைத்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். அவர்கள் முடியாது என்று பதில் போட்டால் அதோடு விடாமல் போன் செய்து பேசுங்கள். இரண்டு நாளுக்குள் திரும்பிவிட்டால் பிரச்சினையே வராது என்பதும் சரியில்லை, ஒரு நாள் சொல்லாமல் நின்றதற்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம். இந்தச் சட்டம் தீபகற்பத்துக்கும் லபுவானுக்கும் உரியது, சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள்.

எல்லாம் செய்தும் வேலையை விட்டு நீக்கினால், தொழிலாளர் இலாகாவில் சம்பளப் பாக்கிக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். வேலையைத் திரும்பக் கேட்கும் மனு வேறு இடத்துக்குப் போகிறது, 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் தொழிலியல் உறவு இலாகாவுக்கு. நீக்கிய தேதியிலிருந்து 60 நாள்தான். அந்தக் கெடு தாண்டி என்னிடம் வந்தால் உங்களுக்காக அந்தக் கதவை என்னால் திறக்க முடியாது, ஆகவே நீக்கல் கடிதம் கைக்கு வந்த அன்றே வாருங்கள், கடிதத்தோடும் போனோடும்.