ஆர்டர் உறுதியான பக்கத்தில் எதைக் கேட்கலாம்?

“மார்த்தாண்டத்திலிருந்து ஆன்லைனில் தேன் விற்கிறேன். ஆர்டர் முடிந்ததும் வரும் பக்கத்தில், கூடவே வாங்கச் சொல்லி வேறு ஆறு பொருள் காட்டினேன். ‘ஆர்டர் ஆச்சா இல்லையா?’ என்று போன் வருகிறது.”

ஆர்டர் எண், தொகை, பார்சல் வரும் நாள் மூன்றும் மேலே இருக்கட்டும். கீழே ஒரே ஒரு கேள்வி போதும். அரைக் கிலோ வாங்கியவரிடம், “இதையே ஒரு கிலோ ஆக்கவா? அதே பார்சல், கூடுதல் கூரியர் கட்டணம் இல்லை” என்று கேளுங்கள். எடை கூடினால் கூரியர்காரர் உங்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குவார், அதை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

யுபிஐயில் கட்டியவர் வித்தியாசத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும், அங்கேதான் சலிப்பு வரும். அதனால் முதலில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களில் மட்டும் வைத்துப் பாருங்கள். பார்சல் லேபிள் அடித்ததும் இந்தக் கேள்விக்கான பட்டன் மறைந்துவிட வேண்டும். அப்புறம், முன்கூட்டியே டிக் போட்டு எதையும் சேர்க்காதீர்கள். 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளில் அதற்குத் தடை உண்டு.